எண்ணா, எழுத்தா, இரண்டுமா: பணக் கடிதத்தில் தொகையையும் தேதியையும் எழுதும் முறைகள்

1918-ல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு காசோலை வழக்கில் தீர்ப்புச் சொன்னது. ஒரு நிறுவனத்தின் எழுத்தர், 2 பவுண்டுக்கான காசோலையைக் கையெழுத்துக்காகப் பங்குதாரர் ஒருவரிடம் நீட்டினார். எண்ணுக்கு இரு பக்கமும் இடம் விட்டிருந்தது. எழுத்தில் தொகை எழுத வேண்டிய வரி வெறுமையாக இருந்தது. அவசரத்தில் இருந்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எழுத்தர் 2-ஐ 120 ஆக்கி, வெற்று வரியில் ‘நூற்று இருபது பவுண்டு’ என்று எழுதிப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நட்டம் வங்கிக்கா, நிறுவனத்துக்கா? நிறுவனத்துக்குத்தான் என்றது சபை. திருத்துவதற்கு வசதி செய்துகொடுத்த கவனக்குறைவு அவர்களுடையது என்பது காரணம். லண்டன் ஜாயின்ட் ஸ்டாக் வங்கிக்கும் மக்மில்லன் அண்டு ஆர்தர் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு அது.

எண்ணில் மட்டும் எழுதுவது, எழுத்தில் மட்டும் எழுதுவது, இரண்டிலும் எழுதுவது என்ற மூன்று முறைகளை ஒப்பிட இந்த ஒரு வழக்கே நல்ல அளவுகோல்.

எண்ணில் மட்டும் எழுதினால் கண்ணுக்கு வேகம். கணக்குப் பார்ப்பவர் கூட்டிக் கழிக்க வசதி. ஆனால் எண்ணைத் திருத்த ஒரு கோடு போதும். 1 என்பது 4 அல்லது 7 ஆகும், 0 என்பது 6 அல்லது 9 ஆகும், 3 என்பது 8 ஆகும். முன்னால் ஓர் இலக்கத்தைச் சேர்த்தால் தொகையே மாறிவிடும். யாரும் மோசடி செய்யாமலேயே பிழை வருவது இன்னும் அதிகம். 1,05,000 என்று தட்டச்சு செய்ய வேண்டியவர் விரல் மாறி 1,50,000 என்று அடித்துவிடுவார். பார்த்தால் சரியான தொகை போலவே இருக்கும். ‘1.05 லட்சம்’ என்று எழுதினாலும் அதே அபாயம், பூஜ்யம் ஒன்று விழுந்தால் 1.5 லட்சம். வெளிநாட்டுக்குப் போகும் கடிதமானால் புள்ளியும் காற்புள்ளியும் வேறு தொல்லை. ஜெர்மனியில் 1.500 என்றால் ஆயிரத்து ஐநூறு.

எழுத்தில் மட்டும் எழுதினால் இந்தத் தட்டச்சுப் பிழை வராது. ‘ஒரு லட்சத்து ஐயாயிரம்’ என்பதையும் ‘ஒரு லட்சத்து ஐம்பதாயிரம்’ என்பதையும் யாரும் விரல் தவறி மாற்றி அடிப்பதில்லை. ஆனால் நீண்ட கடிதத்தில் தொகை எங்கே என்று தேட வேண்டியிருக்கும், சரிபார்க்கவும் இணையான எண் இருக்காது. அதனால் தனியாக எழுத்தை நான் பரிந்துரைப்பதில்லை.

இரண்டையும் எழுதுவதுதான் சரி என்று பலரும் சொல்வார்கள், நானும் அதையே சொல்கிறேன். அதன் பலன் ஒன்றை மற்றொன்று சரிபார்ப்பது. ஆனால் இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தியாவின் 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ம் பிரிவில், எழுத்தில் உள்ள தொகையே தொகை என்கிறது. பிரிட்டனின் 1882-ம் ஆண்டுச் சட்டமும் அப்படியே. 1930-ல் மாற்றுச்சீட்டுகளுக்காக உருவான ஜெனிவா ஒப்பந்தமும் எழுத்தையே முன்வைக்கிறது. எழுத்திலேயே பலமுறை வெவ்வேறாக இருந்தால் குறைந்த தொகை செல்லும் என்று சேர்த்துச் சொல்கிறது. இவையெல்லாம் காசோலை, மாற்றுச்சீட்டு போன்ற ஆவணங்களுக்கான விதிகள். சாதாரணக் கடிதத்துக்கு நேரடியாகப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. காசோலையிலேயேகூட, முரண் தெரிந்தால் வங்கி திருப்பி அனுப்பிவிடுவதே நடைமுறை. ஆகவே முரண் வராமல் பார்ப்பதே முக்கியம். முழுத் தொகையையும் கடிதத்தில் ஒரே இடத்தில் எழுதிவிட்டு, பிறகு ‘மேற்கண்ட தொகை’ என்று மட்டும் குறிப்பிடுங்கள். ஐந்து இடத்தில் எழுதினால் ஐந்து இடத்திலும் பிழை வரலாம்.

எழுத்தில் எழுதும் முறையிலும் நல்லதும் கெட்டதும் உண்டு. தமிழில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ‘நூறு ரூபாய்’ என்று வரியைத் தொடங்கினால் முன்னால் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து ‘ஐநூறு ரூபாய்’ ஆக்கலாம். ‘அறு’ சேர்த்தால் அறுநூறு. எழுத்துப் பிழையே தெரியாது. ‘ரூபாய் ஒருநூறு மட்டும்’ என்று எழுதினால் இடப்பக்கத்தை ‘ரூபாய்’ அடைக்கிறது, வலப்பக்கத்தை ‘மட்டும்’ அடைக்கிறது, நடுவில் ‘ஒரு’ காவல் நிற்கிறது. ‘இருபது ஆயிரம்’ என்று பிரிப்பதைவிட ‘இருபதாயிரம்’ என்று சேர்ப்பது மேல். செருக இடைவெளி கிடைக்காது. எண்ணிலும் அப்படியே: ‘ரூ.’ என்பதை ஒட்டி முதல் இலக்கம், கடைசியில் ‘/-’. எந்த நாட்டு ரூபாய் என்பது தெளிவில்லாத இடத்தில் ‘இந்திய ரூபாய்’, ‘இலங்கை ரூபாய்’ என்று முழுதாக எழுதிவிட வேண்டும். டாலருக்கும் அதுவே.

தேதிக்கு வருவோம். 03/04/2025 என்பது ஒருவருக்கு ஏப்ரல் 3, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்கருக்கு மார்ச் 4. ஒரு மாதம் முன்பே கெடு முடிந்துவிட்டதாக அவர் நினைத்தால் அது அவர் தவறல்ல. 12-க்கு மேற்பட்ட நாளானால் குழப்பம் தீரும், அதனால்தான் மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களில் எழுதும் கடிதங்கள் ஆபத்தானவை. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதினால் இன்னும் மோசம். 3/4/20 என்பதற்குப் பின்னால் இரண்டு இலக்கம் சேர்த்தால் 2019-ம் வரும், 2021-ம் வரும்.

2025-04-03 என்ற வடிவம் 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரத்தில் இடம்பெற்றது. ஆண்டு முதலில் வருவதால் நாடுகளுக்கிடையே குழப்பம் மிகக் குறைவு, கோப்புகளைப் பெயரிட்டால் வரிசையாகவும் நிற்கும். கணினிக்கும் பட்டியலுக்கும் இதுவே சிறந்தது. ஆனால் காகிதத்தில் 3-ஐ 8 ஆக்குவதை இது தடுக்காது.

கடிதத்துக்கு என் தேர்வு ‘03 ஏப்ரல் 2025, வியாழக்கிழமை’. மாதப் பெயர் நாட்டுக் குழப்பத்தைத் தீர்க்கிறது. முன்னால் உள்ள பூஜ்யம் 3-ஐ 13 அல்லது 23 ஆக்கும் வழியை அடைக்கிறது. கிழமைதான் உண்மையான பாதுகாப்பு. 03-ஐ 08 ஆக்கினால் அது செவ்வாய் ஆகிவிடும், பொய்யை உடனே காட்டிக்கொடுக்கும். ஏழு நாட்கள் தள்ளிப்போட்டால் மட்டும் கிழமை மாறாது. ஆனால் 03-ஐ 10 ஆகவோ 17 ஆகவோ பேனாவால் ஆக்குவது கடினம். தப்பான கிழமையை எழுதிவிட்டால் நமக்கே குழப்பம் என்பது இதன் ஒரே விலை, ஆகவே நாட்காட்டியைப் பார்த்தே எழுத வேண்டும்.

‘30 நாட்களுக்குள்’ என்று மட்டும் எழுதுவதும் ஒரு போட்டி முறைதான். எதிலிருந்து 30? கடிதத் தேதியிலிருந்தா, கிடைத்த நாளிலிருந்தா? கடைசி நாள் சேருமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதற்குப் பதிலாக நாளையே எழுதிவிடலாம். இப்படி:

‘நிலுவைத் தொகை இந்திய ரூ.1,05,000/- (இந்திய ரூபாய் ஒரு லட்சத்து ஐயாயிரம் மட்டும்). இத்தொகையை 03 ஏப்ரல் 2025, வியாழக்கிழமை அன்றோ அதற்கு முன்போ செலுத்துக.’

அச்சிட்ட பின் பிழை தெரிந்தால் மேலே எழுதித் திருத்தாமல், புதிதாக அச்சிட்டுக் கையெழுத்திடுங்கள். பேனாவால் திருத்திய ஒரு இலக்கம், அது நீங்களே திருத்தியதாக இருந்தாலும், பெறுபவருக்குச் சந்தேகத்தையே தரும்.