எடை இரு மடங்கானால் கலோரியும் இரு மடங்கா? நான்கு கணக்குகளை ஒப்பிட்டால்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இரண்டு மச்சான்மார். இருவருக்கும் வயது 40, உயரம் 170 செ.மீ. எடையில் சின்னவர் 60 கிலோ, பெரியவர் 120 கிலோ. உணவு ஆலோசனைக்கு வந்த பெரியவர் கேட்டார்: "அக்கா, நான் மச்சானைவிட இரண்டு பங்கு கனம். அப்போ சாப்பாடும் இரண்டு பங்கு வேணும்தானே?"

நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல நான்கு கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. சும்மா படுத்திருக்கும்போது உடல் ஒரு நாளில் எரிக்கும் கலோரியை வைத்து அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலாவது கிலோக் கணக்கு: ஒரு கிலோவுக்கு மணிக்கு ஒரு கலோரி. சின்னவருக்கு 1,440, பெரியவருக்கு 2,880. மனக்கணக்காகவே போட்டுவிடலாம் என்பதால் பலரும் இதையே நம்புகிறார்கள். நடுத்தர எடைக்காரருக்கு ஏறக்குறைய சரியாக வரும். கனமானவருக்குத்தான் மோசமாகத் தவறும்.

இரண்டாவது, 1932-இல் மாக்ஸ் கிளைபர் வகுத்தது. எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 70-ஆல் பெருக்க வேண்டும். லூலூவே வனவிலங்குப் பூங்காவில் நிற்கும் 4,000 கிலோ யானை 70 கிலோ மனிதனைப்போல 57 மடங்கு எடை. ஆனால் எரிப்பது ஏறக்குறைய 21 மடங்குதான் என்று இது சொல்லும். எலி முதல் யானை வரை இனங்களை ஒப்பிட அருமையான விதி. நம் மச்சான்மாருக்குப் போட்டால் 1,510, 2,540 என்று வருகிறது. பெரியவருக்கு இதுவும் அதிகம். யானை உடல் முழுவதும் பெரிதாக வளர்ந்த விலங்கு. இவரோ அதே உயரத்தில் பெரும்பாலும் கொழுப்பும் கொஞ்சம் தசையும் கூடியவர்.

மூன்றாவது, 1990-இல் வந்த மிஃப்லின் சமன்பாடு. எடையை 10-ஆல் பெருக்கி, செ.மீ. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, ஆணுக்கு 5 சேர்க்க வேண்டும். சின்னவருக்கு சுமார் 1,470, பெரியவருக்கு 2,070. இங்கே கூடும் ஒவ்வொரு கிலோவும் 10 கலோரிதான் தருகிறது.

அது ஏன் கிலோக் கணக்கில் வருவதுபோல 24 ஆகவில்லை என்பதற்கு உடலுக்குள் பார்க்க வேண்டும். ஒரு கிலோ இதயமோ சிறுநீரகமோ நாளொன்றுக்கு சுமார் 440 கலோரி எரிக்கும். மூளை 240, ஈரல் 200. ஓய்வில் இருக்கும் தசைக்கு 13, கொழுப்புக்கு 4.5 மட்டுமே. நான்கு கிலோ அளவே உள்ள மூளை, ஈரல், இதயம், சிறுநீரகம் மட்டும் சின்னவரின் செலவில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. எடை இரட்டித்தாலும் மூளை இரட்டிப்பதில்லை. பெரியவரின் கூடுதல் 60 கிலோவில் 36 கிலோ கொழுப்பு, 24 கிலோ பெரும்பாலும் தசை என்று வையுங்கள். கொழுப்புக்கு 162, தசைக்கு 312, மொத்தம் 474. ஈரல், இதயம், சிறுநீரகம் சற்றுப் பெரிதாவதையும் சேர்த்தால் மிஃப்லின் சொல்லும் 600 கலோரி வித்தியாசத்தை நெருங்கிவிடுகிறோம்.

நான்காவது காட்ச்-மக்ஆர்டில் கணக்கு: கொழுப்பு நீக்கிய எடையை 21.6-ஆல் பெருக்கி 370 கூட்ட வேண்டும். சின்னவரிடம் 12 கிலோ, பெரியவரிடம் 48 கிலோ கொழுப்பு என்றால் 1,410, 1,930 வரும். இந்திய வம்சாவளியினருக்கு ஒரே பி.எம்.ஐ-யில் பிறரைவிடக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருப்பதால், கொள்கையளவில் எனக்குப் பிடித்தது இதுதான். சிக்கல் என்னவென்றால், வீட்டுத் தராசு காட்டும் கொழுப்பு அளவு தண்ணீர் குடித்ததற்கெல்லாம் மாறும். நம்பகமான அளவு கையில் இல்லாவிட்டால் மிஃப்லினையே எடுங்கள்.

நடைக்கு வந்தால் கதை வேறு. சுமந்து செல்லும் எடைக்கு ஏறத்தாழ நேர் விகிதத்தில்தான் செலவு: ஒரு கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு சுமார் அரை கலோரி. டர்பன் கடற்கரையில் 5 கி.மீ. நடந்தால் சின்னவருக்கு 150, பெரியவருக்கு 300. அங்கே மட்டும் அவர் சொன்ன இரண்டு பங்கு சரி.

தப்பான கணக்கைப் பிடித்தால் என்ன ஆகும்? பெரியவர் உட்கார்ந்து வேலை செய்பவர். ஓய்வுச் செலவை 1.3-ஆல் பெருக்கினால் நாள் முழுவதற்குமான தேவை வரும். மிஃப்லின்படி சுமார் 2,690. கிலோக் கணக்குப்படி 3,740. இதில் 500 குறைத்து 3,240 சாப்பிட்டால், வாரம் அரை கிலோ இளைப்போம் என்று அவர் நம்புவார். உண்மையில் ஏறக்குறைய அரை கிலோ ஏறும். இங்கே பொட்டல உறையில் கிலோஜூல்தான் இருக்கும், அதை 4.18-ஆல் வகுத்துக் கலோரியாக்கிக்கொள்ளுங்கள்.

எந்தச் சமன்பாடும் தனி ஆளுக்குப் பத்து சதவீதம் பிசகலாம். அதனால் அவரிடம் சொன்னேன்: "தம்பி, 2,690-இல் 500 குறைச்சு 2,200-இல் ஆரம்பியுங்க. தினமும் காலையில் ஒரே தராசில் எடை பாருங்க, வாரச் சராசரியை எழுதுங்க. முதல் வாரத்தை விட்டுடுங்க, அதில் போறது பெரும்பாலும் தண்ணீர். அடுத்த மூணு வாரத்தில் சராசரி அசையலேன்னா உங்க உண்மையான செலவே அந்த 2,200 பக்கம்தான்." 100 கிலோவுக்கு இறங்கியதும் அவருடைய தேவை ஏறக்குறைய 2,430 ஆகிவிடும். அதனால் ஐந்து கிலோ குறையும்போதெல்லாம் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.