ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள்: ஒரே காட்சிக்கு மூன்று ஒலிகள்

போனில் பார்ப்பதற்காக எடுத்த ஒரு திகில் வீடியோ. காட்சி சின்னதுதான். இரவு 11 மணி. ஹாலில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். சமையலறைப் பக்கம் லேசாக ஒரு சத்தம். எழுந்து போய் வாசற்படியில் நிற்கிறாள். உள்ளே எவர்சில்வர் டம்ளர் ஒன்று விழுகிறது. மொத்தம் 60 விநாடி, வசனம் ஒரு வார்த்தைகூட இல்லை. படத்தொகுப்பு முடிந்ததும், அதே காட்சிக்கு மூன்று விதமாக ஒலி சேர்த்துப் பார்த்தோம். முதலாவது முழுக்க ட்ரோன், இரண்டாவது முழுக்க அமைதி, மூன்றாவது கடைசியில் ஒரே ஒரு ‘டமார்’. எது ஜெயிக்கும் என்று எனக்கு முன்பே ஒரு கணிப்பு இருந்தது. அது தப்பாகப் போனது.

முதலில் ட்ரோன். பறக்கிற ட்ரோன் இல்லை. மாறாமல் நீண்டு ஒலிக்கும் கீழ்ச்சுருதி ரீங்காரம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற ‘டார்க் ட்ரோன்’ ஒன்றை எடுத்து முதல் விநாடியிலிருந்து ஓடவிட்டோம். ஹெட்ஃபோனில் கேட்டால் வயிற்றைப் பிசைந்தது. போனில் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. சும்மா காற்று.

காரணம் எளிது. அந்த ட்ரோனின் சக்தியெல்லாம் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது. போனில் இருக்கும் நகக்கண் அளவு ஸ்பீக்கரால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக எதையும் தள்ள முடியாது. ‘19 ஹெர்ட்ஸ் ஒலி போட்டால் பார்ப்பவர் காரணம் தெரியாமல் பயப்படுவார்’ என்று சுற்றிக்கொண்டிருக்கும் யோசனையை இதனால்தான் நான் கண்டுகொள்வதில்லை. பயப்பட வைக்குமா என்பது இருக்கட்டும், போன் அதை வாசிக்கவே வாசிக்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு. எடிட்டிங் மென்பொருளில் மொத்த ஒலிக்கும், கீழ்ச்சுருதிகளை வெட்டிவிடும் ஹை-பாஸ் ஃபில்டர் ஒன்றைப் போட்டு 250 ஹெர்ட்ஸில் வையுங்கள். மிச்சம் கேட்பதுதான் ஏறக்குறைய போன் பார்வையாளருக்குக் கிடைப்பது. ட்ரோன் காணாமல் போனால், அதன் பிரதி ஒன்றை எடுத்து அதில் ஒலியை நெரிக்கும் டிஸ்டார்ஷன் அல்லது சாச்சுரேஷன் கொஞ்சம் ஏற்றிக் கலக்கலாம். 60 ஹெர்ட்ஸ் ஒலியைக் கொஞ்சம் நெரித்தால் 120, 180, 240, 300 என்று அதன் மேல்மடங்குகள் பிறக்கும். அந்த மேல்மடங்குகளை மட்டும் கேட்டாலும் மூளை அடியில் இருக்கவேண்டிய சுருதியைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஹெட்ஃபோனில் கேட்ட கனம் வராது. ஆனால் ‘கீழே ஏதோ இருக்கிறது’ என்பது வந்துவிடும்.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ட்ரோன் நமக்குப் புதிதில்லை. தம்புராவும் சுருதிப்பெட்டியும் அதுதான். ‘ச’வும் ‘ப’வும் சேர்ந்து நீளமாக ஒலித்தால் நம் காது கச்சேரி தொடங்கப் போகிறது என்று சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஆகவே பஞ்சமம் சேர்ந்த ட்ரோனைத் தொடவே வேண்டாம். பக்கத்துப் பக்கத்துச் சுருதிகளை மோதவிட வேண்டும். 220 ஹெர்ட்ஸில் ஒன்று, 223 ஹெர்ட்ஸில் ஒன்று வைத்தால், விநாடிக்கு மூன்று முறை ஒலி வீங்கித் தணியும். இரண்டாவதை அரைச் சுருதி மேலே, 233க்குத் தள்ளினால் அந்தத் துடிப்பு கரகரப்பாக மாறிப் பல்லைக் கூசவைக்கும். 223இல் தொடங்கி 30 விநாடியில் மெல்ல 233க்கு ஏற்றினால், என்ன மாறுகிறது என்று தெரியாமலேயே பார்ப்பவர் நெளிவார். இரண்டுமே 200 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதால் போனிலும் கேட்கும்.

இவ்வளவு சரிசெய்த பிறகும் ட்ரோனிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முதல் விநாடியிலேயே ‘இது பயமுறுத்துகிற வீடியோ’ என்று அது போட்டு உடைத்துவிடுகிறது. அந்தப் பெண் நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நம்ப ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. அளவு மாறாமல் ஓடினால் காது அதை வேகமாக ஒதுக்கியும் விடும், ஃப்ரிட்ஜ் சத்தத்தை ஒதுக்குகிற மாதிரி.

அந்த ஃப்ரிட்ஜிலிருந்துதான் இரண்டாவது வடிவம் பிறந்தது.

அமைதி என்றதும் முதலில் செய்த தப்பு, ஒலித்தடத்தை அப்படியே வெறுமையாக விட்டது. பார்த்த மூன்று பேரில் இரண்டு பேர் வால்யூம் பட்டனை அழுத்திப் பார்த்தார்கள். சுத்தமான பூஜ்யம் எந்த அறையிலும் கிடையாது. அது காதில் விழுந்தால் ‘அமைதி’ என்று தோன்றாது, ‘போன் பழுது’ என்றுதான் தோன்றும். அதனால் படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரும் ஆடாமல் நிற்க, அந்த ஹாலின் வெறும் ஒலியை, ரூம் டோனை, ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும். ஃபேன் ஓடும்போது ஒரு தடவை, நிறுத்திவிட்டு ஒரு தடவை. போனிலேயே பதிவதாக இருந்தால் ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’, ‘வாய்ஸ் என்ஹான்ஸ்’ போன்றவற்றை அணைத்துவிடுங்கள். அவை ரூம் டோனைக் குப்பை என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிடும். தானாக அளவை ஏற்றும் வசதி இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அமைதி வரும் இடத்திலெல்லாம் இரைச்சல் மெல்ல எழும்பி வருவதைக் கேட்கலாம்.

ஒரு வீட்டு ஹாலில் இரவில் எத்தனை ஒலி இருக்கிறது என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். தெருவில் தூரத்து வண்டிகள், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர், சுவர்க் கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலே ஃபேன். இவற்றைத் தனித்தனித் தடமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவினோம். 15ஆவது விநாடியிலிருந்து தெரு மெதுவாகத் தேய்ந்து போகிறது; யாரும் கவனிக்க மாட்டார்கள். 20இல் சமையலறைப் பக்கம் அந்த லேசான சத்தம். 24இல் ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்கலோடு அணைகிறது. அப்போதுதான் அது இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே உறைக்கிறது.

பிறகு காட்சியில் ஒரு ஷாட்டைச் சேர்த்தோம். சத்தம் கேட்ட அந்தப் பெண் எழுந்ததும் நேரே சமையலறைக்குப் போவதில்லை. சுவிட்சைத் தட்டி ஃபேனை நிறுத்துகிறாள். வீட்டில் ஏதாவது சரியாகக் காதில் விழவில்லை என்றால் நாம் எல்லாரும் செய்வதுதான். சீலிங் ஃபேன் சட்டென்று நிற்காது. இறக்கைகள் ‘டக்... டக்...’ என்று இடைவெளி விட்டுவிட்டுச் சுற்றி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓயும். அந்த இடைவெளி நீள நீள, பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். வெளியிலிருந்து ஒரு ஒலியும் சேர்க்கவில்லை. அவள் காது கொடுத்துக் கேட்கிறாள், அதனால் நாமும் கேட்கிறோம். முன்பு ட்ரோன் செய்த வேலையை இங்கே ஃபேன் செய்தது, அதுவும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல்.

அமைதிக்கு உள்ள வரம்பும் உண்மையானது. பஸ்ஸில் பார்ப்பவருக்கு இது எதுவும் கேட்காது. அதனால் கடிகாரம் மட்டும் மிஞ்சும் இடத்தில்கூட ரூம் டோனை, உச்ச அளவைப் பூஜ்யமாகக் கொள்ளும் மென்பொருள் அளவுமானியில், மைனஸ் 45 டெசிபலுக்குக் கீழே நான் இறக்கவில்லை. முதல் மூன்று விநாடிக்குள் தெளிவாகக் கேட்கும் ஒலி ஒன்றும் தேவை, இல்லாவிட்டால் விரல் தள்ளிவிட்டுப் போய்விடும். இங்கே பேனா மூடியைக் கழற்றும் ‘டிக்’ அதற்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சாதாரண ஹால் ஒலி, 52ஆவது விநாடியில் ஒலிக் களஞ்சியத்திலிருந்து எடுத்த பெரிய ‘பூம்’. பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் முறை பார்த்தபோது சிரித்தார்கள். திடுக்கிடல் வேறு, பதற்றம் வேறு. சொல்லப்போனால் பதற்றம் அந்த இடத்தில் முடிந்துபோகிறது. ஒரு நிமிடத்தில் இரண்டாவது ‘பூம்’ வைத்தால் அது செல்லாக் காசு.

ஆனாலும் டம்ளர் விழத்தான் வேண்டும், அதைச் சரியாக விழவைப்பதில் விஷயம் இருக்கிறது. ‘பூம்’ போனில் ‘டுப்’ என்று சுருங்கிவிடுகிறது. தரையில் எவர்சில்வர் விழும் ‘ணங்’கோ காது மிகக் கூர்மையாக இருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலிப்பது, போன் ஸ்பீக்கரும் அங்கேதான் பலசாலி. அது படிப்படியாக ஏறாமல் ஒரே வெட்டில் வர வேண்டும். ஏறி வந்தால் காது தயாராகிவிடும். விழுவதற்கு ஒரு விநாடி முன்பு ரூம் டோனை, மைனஸ் 45ஐத் தாண்டாமல், இன்னும் 6 டெசிபல் இறக்கினால், டம்ளரை மைனஸ் 6இல் வைத்தாலே போதும். பார்ப்பவரை அடிப்பது ஒலியின் அளவு இல்லை, முன்பிருந்த அளவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம். அவள் முகம் திரையில் இருக்கும்போதே ஒலி வந்துவிட வேண்டும், டம்ளரைக் காட்டும் வெட்டு நான்கு ஃபிரேம் கழித்து. 25 ஃபிரேம் வீடியோவில் அது 160 மில்லி விநாடி. ஒலியும் வெட்டும் ஒன்றாக விழுந்தால் எடிட்டரின் வேலை தெரிகிறது. ஒலி முந்தினால் அவளோடு சேர்ந்து நாமும் திரும்புகிறோம்.

இவ்வளவையும் ஒரே பட்டன் கெடுக்கும். ஏற்றுமதிக்கு முன் ‘ஆட்டோ லெவல்’, ‘நார்மலைஸ் லவுட்னஸ்’ என்று எதையாவது தட்டினால் மென்பொருள் சின்னதைத் தூக்கிப் பெரியதை அமுக்கி வைக்கலாம். அலைவரைபடத்தைப் பாருங்கள். அமைதியான இடம் மெல்லிய கோடாக இல்லாமல் எங்கும் ஒரே பருமனில் புடைத்திருந்தால் டம்ளர் ஏற்கெனவே செத்துவிட்டது.

என் கணிப்பு ட்ரோன் ஜெயிக்கும் என்பது. ஜெயித்தது ஃபேன். படப்பிடிப்பில் ஒலி சரியாகப் பதியவில்லை, பட்டப்பகல் வெட்டவெளி, உருவுவதற்கு எதுவுமே இல்லை என்றால் 220க்கும் 233க்கும் இடையே நகரும் அந்த ட்ரோனை இப்போதும் எடுப்பேன், அதுவும் காட்சி பாதி கடந்த பிறகு. ‘பூம்’ ஒலியை மட்டும் கோப்பிலிருந்தே நீக்கிவிட்டேன்.

கடைசியாக வைத்துக்கொண்ட ஃபேன் வடிவத்தில் டம்ளர் விழுந்ததும் தரையில் உருள்கிறது. 57ஆவது விநாடியில் அந்த உருளல் தேயாமல் பாதியிலேயே நிற்கிறது, யாரோ கை வைத்துப் பிடித்தது போல. திரை கருக்கிறது. மூன்று விநாடி கடிகாரம் மட்டும்.