பல்க் கூலர் சர்வீஸில் எஸ்கலேஷன் டைமர்: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரு பக்கமும் இருக்கும் பால் சங்கங்களின் பல்க் கூலர்களுக்கான சர்வீஸ் டெஸ்க் இது. கூலர் நின்றால் புகார் வரும், டிக்கெட் ஒரு டெக்னீஷியன் பெயரில் விழும். பதினைந்து நிமிடத்துக்குள் அவர் 'ஏற்றேன்' அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் டைமர் முதலில் சூப்பர்வைசரை எழுப்பும், அப்போதும் அசையாவிட்டால் வேலையை அடுத்த ஆளுக்குத் தள்ளும். கறந்த பாலை 4 டிகிரிக்கு இறக்கியாக வேண்டும், சூட்டில் கிடக்கும் ஒவ்வொரு அரைமணியும் பாலைக் கெடுக்கும். அதனால்தான் இவ்வளவு இறுக்கம்.

எங்கள் அமைப்பு: ஏழாவது நிமிடம் அதே ஆளுக்கு மீண்டும் அலர்ட். பதினைந்தில் சூப்பர்வைசருக்கு போன் அழைப்பு. இருபத்தைந்தில் டிக்கெட் தானாக வேறு டெக்னீஷியனுக்கு மாறும். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் சிக்கல் முழுக்க அந்த மாற்றும் இடத்தில்தான்.

ஒரு மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 6.10க்கு கொழிஞ்சாம்பாறையிலிருந்து "கம்ப்ரஸர் ஓடல" என்று புகார். டெக்னீஷியன் வாளையாறு காட்டுப் பக்கம் வண்டியில் போகிறார், சிக்னல் இல்லை. 6.17, 6.25 இரண்டும் கடந்து, 6.35க்கு டிக்கெட் பாலக்காட்டுச் சித்தூரில் இருப்பவருக்கு மாறுகிறது. அவர் 6.38க்கு ஏற்கிறார். இங்கே பல மென்பொருள்களில் ஆள் மாறியதும் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அறிக்கையில் 'மூன்று நிமிடத்தில் ஏற்கப்பட்டது' என்று பச்சையாக நிற்கும். சங்கத்தில் பாலோடு நின்றவர் காத்திருந்ததோ இருபத்தெட்டு நிமிடம். எனவே இரண்டு கடிகாரம் தனித்தனியாக வேண்டும்: புகார் வந்த நொடியிலிருந்து நிற்காமல் ஓடுவது ஒன்று, ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகத் தொடங்குவது இன்னொன்று. அறிக்கைக்கு முதலாவதை மட்டும் எடுங்கள்.

அதே மாலை 6.41க்கு முதல் டெக்னீஷியனுக்கு சிக்னல் வருகிறது. பழைய அலர்ட் திரையில் இருக்கிறது, நல்ல மனதோடு 'ஏற்றேன்' அழுத்துகிறார். அமைப்பு அதை அனுமதித்தால் டிக்கெட் அவர் பெயருக்குத் திரும்பும். சித்தூர்க்காரர் பாதி வழியில் திரும்பிவிடுவார், அல்லது இரண்டு பேரும் ஒரே கூலர் முன்னால் நிற்பார்கள். ஆகவே மாறிய டிக்கெட்டில் பழைய ஆளின் ஏற்பு செல்லக்கூடாது, 'வேறு ஒருவருக்குப் போய்விட்டது' என்ற செய்தியும் அவருக்குப் போக வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. டைமர் சரிபார்க்கும் அதே நொடியில் முதல் ஆள் ஏற்றுவிட்டால், ஏற்ற வேலையையே பிடுங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிடும். சொந்தமாக எழுதுபவர்கள் சரிபார்ப்பையும் மாற்றத்தையும் ஒரே கட்டளையில் வையுங்கள்:

```sql
UPDATE tasks
SET assignee = :next, step = step + 1
WHERE id = :id AND acked_at IS NULL
  AND assignee = :current;
```

எந்த வரியும் மாறவில்லை என்று பதில் வந்தால் யாரோ முந்திவிட்டார்கள் என்று பொருள், அலர்ட் அனுப்பாமல் விட்டுவிடுங்கள். இந்தச் சரிபார்ப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடுகிறது என்றால், பதினைந்து நிமிட வரம்பு சில சமயம் ஏறக்குறைய இருபதாகிவிடும். நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டுங்கள்.

அடுத்தது, சத்தத்தை நிறுத்துவதற்காகவே ஏற்பது. சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு தட்டு தட்டினால் டைமர் நின்றுவிடும், ஆள் கிளம்பியிருக்க மாட்டார். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை, பொத்தான் அப்படி இருக்கிறது. ஏற்ற இருபது நிமிடத்துக்குள் 'புறப்பட்டேன்' வராவிட்டால் ஏற்பு காலாவதியாகி அலர்ட் திரும்ப அடிக்கும்படி வைத்தோம். இந்த ஒரே மாற்றம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது. இப்படி நடக்கிறதா என்று கண்டுபிடிக்க, ஏற்ற நேரத்துக்கும் அடுத்த அசைவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏற்பு ஒரு நிமிடத்தில், அடுத்த அசைவு ஒரு மணி கழித்து என்றால் விஷயம் இதுதான்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று: விடுமுறை நாட்காட்டி. டைமர் 'வேலை நேரம்' மட்டும் எண்ணும்படி இருந்தால், கேரள நாட்காட்டி கட்டிய டிக்கெட் திருவோணத்தன்று அசையாமல் நிற்கும். பொள்ளாச்சியில் டெக்னீஷியன் சும்மா இருப்பார், அவருக்கு அலர்ட் போகாது. தமிழ்நாட்டு நாட்காட்டியில் பொங்கலுக்கு இதுவே நடக்கும். மாடு ஓணத்துக்கும் கறக்கும், பொங்கலுக்கும் கறக்கும். கூலர் நின்றுபோன டிக்கெட்டுகளை 24 மணி நேர நாட்காட்டியில் போடுங்கள். கதவு ரப்பர், விளக்கு போன்ற சில்லறைப் புகார்களுக்கு மட்டும் வேலை நேரக் கணக்கு இருக்கட்டும். விடுமுறை நாளில் யார் பணியில் என்ற பட்டியலை மாநிலவாரியாக இல்லாமல் ஆள்வாரியாக வையுங்கள். கடைசிப் படியில் யாரும் ஏற்காவிட்டால் டிக்கெட் முதல் ஆளிடமே சுற்றி வரக்கூடாது. அங்கே சர்வீஸ் டெஸ்கின் தரைவழி போன் அடிக்க வேண்டும், எடுப்பவர் ஆளைத் தேடிப் பிடிக்கும்வரை டிக்கெட் அவர் பெயரிலேயே நிற்க வேண்டும்.