மைக்ரோவேவ் இல்லாத அலுவலகத்தில் சூடான மதிய உணவு: மூன்று வருட ஃபிளாஸ்க் அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் சாப்பாட்டைச் சூடாக்க வழி கிடையாது. காலை ஏழரைக்குக் கட்டும் சாப்பாட்டை ஒரு மணிக்குத்தான் திறப்பேன். இந்த ஐந்தரை மணி நேரத்துக்காக அரை லிட்டர் கொள்ளும், வாயகன்ற ஸ்டீல் ஃபிளாஸ்க் ஒன்றை மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறேன்.

வாங்கிய புதிதில் எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆவி பறக்கும் பருப்பும் சோறும் போட்டு மூடினாலும், மதியம் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஃபிளாஸ்க்தான் மட்டம் என்று நினைத்தேன். பிறகு சமையலறையில் இருந்த குத்தி அளக்கும் தெர்மாமீட்டரைக் கையோடு எடுத்துப்போய் ஒரு வாரம் அளந்து பார்த்தேன். ஒரு மணிக்கு 53 டிகிரி. சூடான சாப்பாடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்குக் கீழே, 5 டிகிரி வரைக்கும், கிருமிகள் பெருக இடம் உண்டு.

காரணம் எளிது. ஃபிளாஸ்கின் உள்சுவரும் மூடியும் குளிர்ந்திருந்தால், சாப்பாட்டின் சூட்டில்தான் அவை முதலில் சூடேறும். அதனால் இப்போது, கொதிக்கும் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, மூடி, பத்து நிமிடம் விட்டுவிடுகிறேன். அதைக் கொட்டியதும், அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் சாப்பாட்டை நேராக உள்ளே போட்டு உடனே மூடுவேன். தட்டில் ஆறவிட்டு அள்ளிப் போட்டால் அங்கேயே பாதிச் சூடு போய்விடும். அதே சாப்பாடு, அதே நேரம்: 66 டிகிரி.

இன்னொன்று, ஃபிளாஸ்க் நிறைய இருக்க வேண்டும். பாதி மட்டும் நிரப்பிய ஒரு நாள், வெந்நீர் ஊற்றிச் சூடேற்றியிருந்தும் 60-ஐத் தொடவில்லை. குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் சின்ன ஃபிளாஸ்க் வாங்குவதே சரி. பதினொரு மணிக்குத் திறந்து எட்டிப்பார்க்கும் பழக்கமும் வேண்டாம்.

உள்ளே என்ன போடுகிறோம் என்பதும் முக்கியம். உதிரியான சோறு தனியாகச் சரிப்படாது. பருக்கைகளுக்கு நடுவே காற்று இருப்பதால் அது சீக்கிரம் ஆறிவிடும். பருப்போ சூப்போ சேர்த்துத் தளர்வாக இருந்தால் சூடு நிற்கும். ஆனால் மூடிய பிறகும் உள்ளே வேக்காடு கொஞ்சம் தொடரும், சோறு நீரையும் இழுக்கும். அரிசியை முழுதாகக் குழையவிடாமல், நடுவில் சிறிது விறைப்பு இருக்கும்போதே பருப்போடு சேர்த்து ஒரு கொதி விட்டு எடுத்துவிடுகிறேன். வழக்கத்தைவிடக் கால் டம்ளர் தண்ணீர் கூடுதல். மதியம் பதம் சரியாக இருக்கும். கீரை, பாஸ்தா போன்றவை எனக்கு ஒருநாளும் நன்றாக வரவில்லை.

நேற்றைய மீதியைக் கட்டும்போதுதான் அதிகக் கவனம் தேவை. ஃபிளாஸ்க் சூட்டைக் காக்குமே தவிர, சூடாக்காது. ஒருநாள் அவசரத்தில், ஃபிரிட்ஜில் இருந்ததை லேசாக மட்டும் சூடுகாட்டிப் போட்டுவிட்டேன். மதியம் அளந்தால் 41 டிகிரி. வாசனையில் ஒரு குறையும் இல்லை, இருந்தும் கொட்டிவிட்டேன். சமைத்த சோற்றில் பெருகும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. அது சோற்றில் விடும் வாந்தி நஞ்சு, திரும்பச் சூடுபடுத்தினாலும் போகாது. முகர்ந்து பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. இப்போதெல்லாம் மீதியை இரவில் தட்டையான பாத்திரத்தில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைக்கிறேன், காலையில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஃபிளாஸ்குக்கு மாற்றுகிறேன்.

சாலட், தயிர் மாதிரி குளிர்ந்தபடி சாப்பிடுவதற்கு ஃபிளாஸ்க் வேண்டாம். இரவே ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, காப்புப் பையில் மேலும் கீழும் உறைந்த ஐஸ் பேக் வைத்தால் போதும். சூடான பெட்டியை அதே பையில் சேர்த்து வைக்காதீர்கள்.

சில நாள் மூடி திறக்கவே வராது. உள்ளே ஆவி குளிர்ந்து அழுத்தம் குறைவதால் மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் மூடி நடுவே காற்று விடும் சிறு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் 'புஸ்' என்று ஒரு சத்தம், பிறகு சுலபமாகச் சுழலும். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவி, ஈரம் போகக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் அதில் வாடை தங்கிவிடும்.

இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள வெற்றிடம்தான் இதன் உயிர். என் முதல் ஃபிளாஸ்க் படியில் உருண்டு விழுந்து அடியில் நசுங்கியது. கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் தொட்டேன், கை சுட்டது. அன்றோடு அதை மாற்றிவிட்டேன். இப்போதிருப்பதில் வெளிப்பக்கம் இன்னும் சில்லென்றே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இப்படித் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.