மூன்றே அளவில் பலாசோ: நின்றால் அழகு, உட்கார்ந்தால் வம்பு

இடுப்பு, சீட் என்கிற பின்பக்கச் சுற்றளவு, நீளம் என்று மூன்றே அளவை வைத்து வரையும் பலாசோ பேட்டர்ன் ஒன்றைப் பல வருஷமாக வெட்டித் தைத்து உடுத்திவருகிறேன். போன வாரம் ஒரு பேண்ட்டின் பின்பக்கக் கவட்டுத் தையல் மறுபடியும் பிரிந்தது. ஊசியும் கையுமாக இருக்கும்போதுதான் தோழி ஒருத்தி, "அந்த பேப்பரைக் கொடேன், நானும் வெட்டிப் பார்க்கிறேன்" என்றாள். எனக்கு எரிச்சல் முழுசாக அடங்காத நேரம். அதையும் சேர்த்தே படியுங்கள்.

இந்தப் பேட்டர்ன் எவ்வளவு சுலபம் என்பதை என் அளவிலேயே காட்டுகிறேன். இடுப்பு 34, சீட் 42, நீளம் 38. சீட்டில் கால் பங்கு 10½ இஞ்ச், லூசுக்கு 1½ சேர்த்தால் 12. இதுதான் ஒரு துண்டின் அகலம். கவட்டு இறக்கத்துக்கும் அதே கால் பங்கோடு 1 கூட்டி 11½. கவட்டு முனையை 2½ இஞ்ச் வெளியே நீட்டி, கவட்டுக் கோட்டுக்கு 3 இஞ்ச் மேலே இருந்து வளைத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டால் ஆயிற்று. தையலுக்கும், எலாஸ்டிக் மடிப்புக்கும், கீழ் ஓரத்துக்கும் விடுவது தனி. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பேப்பர்தான். துணியை நாலாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் முடிக்கலாம்.

நின்றால் இதில் துணி விழுகிற விதம் நிஜமாகவே அழகு. பக்கவாட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. நீளத்திலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரேயான் துணியாக இருந்தால் ஓரம் அடிப்பதற்கு முன் ஒரு ராத்திரி தொங்கவிட வேண்டும், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், முதலில் கேட்கிற இடுப்பு அளவுக்கு இதில் வேலையே கிடையாது. எலாஸ்டிக்கை எவ்வளவு நறுக்குவது என்பதற்கு மட்டும்தான் அது. மற்றதெல்லாம் சீட் அளவு போடுகிற கணக்கு.

வம்பும் அங்கேதான். உட்கார்ந்தால் முதுகுப்பக்கம் எலாஸ்டிக் கீழே இறங்குகிறது. குனிந்தால் இன்னும் இறங்குகிறது. எழுந்ததும் பின்பக்கத்தைப் பிடித்து மேலே இழுத்துவிடுவது எனக்குப் பழக்கமாகவே ஆகிவிட்டது. முன்பக்கம் கவட்டிலிருந்து இரண்டு தொடையை நோக்கியும் விசிறி மாதிரி கோடுகள் விழும். எலாஸ்டிக்கை ஒரு இஞ்ச் குறைத்துப் பார்த்தேன். வயிற்றில் அச்சு விழுந்ததுதான் மிச்சம், இறங்குவது இறங்கிக்கொண்டே இருந்தது. பிரிந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டேன். தையல் நின்றது, அதை ஒட்டித் துணி கிழிந்தது. அப்போதே தெரிய வேண்டும், இது நூல் விவகாரம் இல்லை, துணி பற்றாத விவகாரம்.

துணி எங்கே பற்றவில்லை? டேப்பை முன் இடுப்பில் வைத்து, காலுக்கு நடுவே கொண்டுபோய், பின் இடுப்பு வரை அளந்து பாருங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவும் விட வேண்டாம். எனக்கு 28 வந்தது. பிறகு பேப்பரில் கவட்டு வளைவின் மேல் டேப்பை நிறுத்திவைத்து, மேலிருந்து முனை வரை அளந்தேன். தையலுக்கும் மடிப்புக்கும் விட்டதைச் சேர்க்காமல் 12¾. முன்னும் பின்னும் ஒன்றுதான் என்பதால் மொத்தம் 25½. ஆக, 28 இஞ்ச் உடம்பு 25½ இஞ்ச் துணிக்குள் உட்காரப் பார்க்கிறது. நிற்கும்போது கவடு கொஞ்சம் மேலே ஏறி, இடுப்பு கொஞ்சம் கீழே இறங்கி அதைச் சமாளித்துவிடும். பலாசோவின் அகலத்தில் அது வெளியே தெரியாது. உட்கார்ந்தால் பின்பக்கத்துக்கு இன்னும் நீளம் வேண்டும். அதைக் கொடுக்க இடுப்பைத் தவிர வேறு இடம் இல்லை.

சீட் அளவு என்பது ஒரு சுற்றளவு. சதை பக்கவாட்டில் இருக்கிறதா, பின்னால் தள்ளி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆள் உயரமா குட்டையா என்றும் தெரியாது. அதனிடம் போய் கவட்டு இறக்கத்தைக் கேட்டால் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும், சிலருக்குப் பொருந்திவிடும்.

இதற்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம் "கவட்டை ஒரு இஞ்ச் இறக்கிவிடு" என்பது. தயவுசெய்து வேண்டாம். இறக்கினால் வளைவின் நீளம் கூடும், ஆனால் கவடு உடம்பை விட்டு விலகித் தொடைக்கு வந்துவிடும். படியில் காலைத் தூக்கினால் பேண்ட் மொத்தமும் கூடவே இழுபடும். சல்வாரில் பெல்ட்டுக்குக் கீழே கொசுவம் நிறைய இருப்பதால் தாழ்ந்த கவடு பெரிதாகத் தெரியாது. பலாசோவில் தாராளமாகத் தெரியும்.

எனக்குச் சரிப்பட்டது வேறு. பின்பக்கத்துக்குத் தனி பேப்பர் எடுத்தேன். நடு முதுகில் 1½ இஞ்ச் உயர்த்தி, பக்கத் தையலுக்கு வரும்போது பழைய கோட்டிலேயே சேரும்படி சரித்தேன். கவட்டு முனையை 2½க்குப் பதில் 4½ நீட்டினேன். இப்போது மொத்தம் ஏறக்குறைய 28¾. உடம்பைவிட முக்கால் இஞ்ச் கூடுதல், உட்கார அது போதும். முனையை நீட்டியதால் பின் துண்டின் உட்கால் தையல் சாய்ந்து, முன் துண்டைவிடக் கொஞ்சம் நீளமாகிவிடும். இரண்டையும் அளந்து பார்த்து, வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு பின் முனையைக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். எனக்குக் கால் இஞ்ச் தேவைப்பட்டது. சரிவாக இருக்கும் மேல் ஓரத்தில் பேப்பரை முதலில் மடித்துவிட்டு, பக்க ஓரத்தை அதன் மேல் சேர்த்து வெட்டினால்தான் எலாஸ்டிக் மடிப்பு பக்கவாட்டில் குறையாது.

எலாஸ்டிக் இப்போது இடுப்பிலேயே நிற்கிறது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும் கை பின்னால் போகவில்லை. ஆனால் நாலாக மடித்து ஒரே வெட்டு என்ற வசதி போயிற்று. அவசரத்தில் முன்பின் மாற்றிப் போட்டுக்கொள்கிற அபாயமும் வந்துவிட்டது. அதனால் பின் மடிப்பின் உள்ளே ஒரு ரிப்பன் துண்டு வைத்துத் தைக்கிறேன். ஒரே பேப்பர் என்று பெருமையாக ஆரம்பித்த சமாசாரம் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

தோழிக்கு பேப்பரைக் கொடுக்கவில்லை, டேப்பை எடுத்துவரச் சொன்னேன். அவளுக்கும் சீட் 42தான். ஆனால் பின்பக்கம் தட்டையானவள், காலுக்கு நடுவே அளந்ததில் 26தான் வந்தது. நடு முதுகில் ஒரு இஞ்ச் உயர்த்தினாலே போதும், முனையைத் தொடவே வேண்டியதில்லை. என்னுடைய திருத்தத்தை அப்படியே போட்டிருந்தால் அவளுக்குப் பின்னால் பை மாதிரி தொங்கியிருக்கும்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. மூன்று அளவு போதும் என்று சொல்லிக்கொண்டு, வேண்டாத இடுப்பைக் கேட்டுவிட்டு வேண்டியதைக் கேட்காமல் விட்டதற்கு அதற்கு மேல் மனசு வரவில்லை. பழைய பேப்பரை மட்டும் கிழித்துப் போடவில்லை, முன்பக்கத்துக்கு இன்னும் அதைத்தான் வைத்து வெட்டுகிறேன்.