டேக், பட்ஜெட், அனாமலி அலர்ட்: 14 மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

அமேசான் வெப் சர்வீசஸில் எங்கள் டீமுக்கு மாதம் சுமார் 3,300 டாலர் பில் வரும். செலவைக் கட்டுக்குள் வைக்க மூன்றை மட்டும் வைத்தோம்: ஒவ்வொரு ரிசோர்ஸுக்கும் `team` என்று ஒரு டேக், 4,000 டாலருக்கு மாத பட்ஜெட், அப்புறம் செலவு வழக்கத்துக்கு மாறாக ஏறினால் மெயில் அனுப்பும் காஸ்ட் அனாமலி டிடெக்ஷன். இதில் எது எப்போது உதவியது, எது வெறும் அலங்காரமாக இருந்தது என்று சொல்கிறேன்.

டேக்கில்தான் முதலில் சறுக்கினோம். சர்வரில் டேக் ஒட்டினால் போதும் என்று நினைத்திருந்தோம். பில்லிங் பக்கத்துக்குப் போய் அந்த டேக்கைத் தனியாக ஆக்டிவேட் செய்தால்தான் செலவு ரிப்போர்ட்டில் வரும், அதுவும் ஒரு நாள் கழித்து. ஒருவர் `Team` என்றும் இன்னொருவர் `team` என்றும் போட்டிருந்தார்கள். அது இரண்டும் வேறு வேறு டேக். லாஞ்ச் டெம்ப்ளேட்டில் வட்டுக்கும் சேர்த்துச் சொல்லாததால் சர்வருக்கு டேக் இருந்தது, அதன் வட்டுக்கு இல்லை. முதல் மாதம் பில்லில் 40 சதவீதம் யாருடையது என்றே தெரியவில்லை. இதையெல்லாம் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது.

பட்ஜெட் போடுவது பத்து நிமிட வேலை. ஆனால் நாங்கள் போட்டது செலவை நிறுத்தாது, மெயில் மட்டும்தான் அனுப்பும். 80 சதவீதத்தில், அதாவது 3,200 டாலரில் மெயில் வரச் செய்திருந்தோம். நாளுக்கு 110 டாலர் ஓடும் கணக்கில் எந்தத் தப்பும் நடக்காத மாதத்திலும் 30ஆம் தேதி வாக்கில் அது வந்துவிடும். மூன்றாவது மாதத்திலிருந்து யாரும் அதைத் திறக்கவே இல்லை.

ஏழாவது மாதம் ஒரு சம்பவம். டேட்டா டீமில் ஒரு ஜாப், நாளுக்கு ஒருமுறை எஸ்3-லிருந்து 8 ஜிபி இழுக்கும். 5ஆம் தேதி இரவு அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றினார்கள். நாளுக்கு 144 முறை, சுமார் 1,150 ஜிபி. ஒரே ரீஜியனுக்குள் எஸ்3-லிருந்து எடுக்கக் காசில்லை என்று அவர்கள் நினைத்தது சரிதான். ஆனால் அந்த சர்வர், இணையத்தோடு நேரடித் தொடர்பில்லாத பிரைவேட் சப்நெட்டில் இருந்தது. போக்குவரத்து முழுக்க, அங்கிருந்து வெளியே போக வைத்திருந்த நாட் கேட்வே வழியாகப் போனது. அங்கே ஜிபிக்கு 4.5 சென்ட். நாளுக்கு 52 டாலர் கூடுதல்.

8ஆம் தேதி காலை அனாமலி மெயில் வந்தது. பில் தரவே தாமதமாகத்தான் சேரும் என்பதால் இதைவிட சீக்கிரம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மெயில் போனது கணக்குப் பார்க்கும் அக்காவுக்கு. அதில் `EC2 - Other` என்று இருந்ததைப் பார்த்து, சர்வர் கூட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அந்தப் பெயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நாட் கேட்வே, வட்டு, ஸ்னாப்ஷாட் எல்லாமே அந்தத் தலைப்பின் கீழ்தான் வரும்.

மறுநாள் என்னிடம் கேட்டார். அந்தச் செலவில் இருந்த டேக்கைப் பார்த்தேன்: `platform`. பிளாட்ஃபார்ம் டீமோ "நாங்க எதையும் தொடலையே" என்றது. அதுவும் உண்மை. நாட் கேட்வே அவர்களுடையது, அதன் வழியாக இழுத்தவர்கள் வேறு. டேக் குழாய் யாருடையது என்று சொல்லும், தண்ணீர் பிடித்தது யார் என்று சொல்லாது. யூசேஜ் டைப் வாரியாகப் பிரித்ததும் `NatGateway-Bytes` மேலே வந்து நின்றது. விபிசி ஃப்ளோ லாக்கில் எந்த ஐபி அதிகம் இழுக்கிறது என்று பார்த்து ஜாப்பைப் பிடிக்க 11ஆம் தேதி ஆகிவிட்டது. சுமார் 280 டாலர் போனது. தீர்வு ஒரே கமாண்ட். நாட் கேட்வேயைத் தொடாமல் எஸ்3-க்கு நேராகப் போக வழி தரும் கேட்வே எண்ட்பாயிண்டுக்குக் கட்டணம் கிடையாது:

```
aws ec2 create-vpc-endpoint --vpc-id vpc-xxxx \
  --service-name com.amazonaws.us-east-1.s3 \
  --route-table-ids rtb-xxxx
```

அந்த சப்நெட்டின் ரூட் டேபிளைத்தான் கொடுக்க வேண்டும். வேறு டேபிளைக் கொடுத்தால் எண்ட்பாயிண்ட் சும்மா இருக்கும், போக்குவரத்து பழைய வழியிலேயே போகும்.

அனாமலி மெயில் இல்லாமலிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கணக்குப் போட்டேன். 80 சதவீத மெயில் 22ஆம் தேதி வந்திருக்கும். மாத முடிவில் பில் 4,600.

இப்போது அனாமலி அலர்ட் எஸ்என்எஸ் வழியாக எங்கள் சாட் குரூப்புக்கே வருகிறது. முதலில் 10 டாலர் தாண்டினாலே அடிக்கும்படி வைத்தோம். லோட் டெஸ்ட் ஓட்டும் ஒவ்வொரு முறையும் கத்தியது. 40 ஆக்கினோம், இப்போது மாதத்துக்கு ஒன்று இரண்டுதான். பட்ஜெட்டில் ஃபோர்காஸ்ட் அலர்ட் சேர்த்தோம்: இந்த வேகத்தில் போனால் மாத முடிவில் 4,000 தாண்டும் என்றால் அப்போதே மெயில் வரும். அதற்கு ஐந்து வாரப் பழைய கணக்காவது வேண்டும், புது அக்கவுண்டில் உடனே எதிர்பார்க்காதீர்கள். அந்த 80 சதவீத மெயிலை எடுத்துவிட்டோம். ஒருவர்கூட அதைத் தேடவில்லை.