சில்லறைக் காசா, முன் அனுமதியா?

அடுத்த மாதம் 1ஆம் திகதி முதல் அலுவலகச் செலவுக்கு இரண்டே வழிகள். ரூ. 10,000 வரை சில்லறைக் காசு: வாங்கிவிட்டு, 7 நாளுக்குள் பற்றுச்சீட்டுடன் வவுச்சரைக் கொடுங்கள், பிரிவுத் தலைவரின் கையொப்பம் போதும். அதற்கு மேலென்றால் முன் அனுமதி: முதலில் மூன்று கடைகளின் கூறுவிலை, பிறகு கோரிக்கைப் படிவம். ரூ. 100,000 வரை நிதி முகாமையாளரும் அதற்கு மேல் பணிப்பாளரும் ஒப்புதல் தருவார்கள்.

முதல் வழி வேகமானது, சுத்துமாத்துக்கும் இலகு. புறக்கோட்டையில் ரூ. 9,000 வீதம் இரண்டு டோனர் வாங்கி, இரண்டு பில் போட்டாலும் அது ரூ. 18,000 செலவுதான். ஒரே கடை, ஒரே திகதி, அடுத்தடுத்த பில் இலக்கம் என்றால் வவுச்சர் திரும்பி வரும். வாங்கியவரின் கையைக் கடிக்கும். இரண்டாவது வழிக்கு மூன்று நாள் பிடிக்கும். ஆகவே பிரிண்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும்போதே படிவத்தைப் போடுங்கள்.